நீங்கள் லீவு போடும் நாளில் உங்கள் வகுப்புக்குப் போகிறவருக்கு ஒரு தாள்

திங்கட்கிழமை பயிற்சிக்குப் போக வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாலை எச்.எம். சொல்கிறார். திங்கட்கிழமை மூன்றாவது பீரியடு உங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கணக்கு. சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் அந்தக் கட்டத்தில் தமிழ் ஐயாவின் பெயர் விழுகிறது. அவருக்கு அது ஃப்ரீ பீரியடு; தேர்வுத்தாள் திருத்தலாம் என்று எடுத்து வைத்திருந்தார். கணக்கை அவர் பத்தாம் வகுப்போடு விட்டவர். ஒன்பது 'ஆ'வுக்குப் பாடமும் எடுப்பதில்லை, அதனால் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது. நீங்கள் மேசையில் விட்டுப்போன சீட்டில் "ஆயத்தொலை வடிவியல், பயிற்சிக் கணக்குகள் போடச் சொல்லவும்" என்று மட்டும் இருக்கிறது.

என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "எந்தப் பயிற்சி?" என்று ஐயா கேட்பார். "சார், அதெல்லாம் முடிச்சாச்சு" என்று பத்துக் குரல் வரும். உண்மையா பொய்யா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. "சரி, சத்தம் போடாமல் படிங்க" என்பார். நாற்பது நிமிடம் போய்விடும்.

இதில் ஐயாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சீட்டு அவருக்காக எழுதப்படவே இல்லை. பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கைக்கு, அதையே சுருக்கி இன்னொருவருக்குக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பாடக்குறிப்பை வாசிப்பவர் பாடம் தெரிந்தவர். மாற்று ஆசிரியருக்கான தாளை வாசிப்பவருக்குப் பாடமும் தெரியாது, வகுப்பும் தெரியாது. வாசலில் நின்றுகொண்டு, நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு நிமிடத்தில் அதை வாசித்து முடிக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்தத் தாளை எப்படித் தயார் செய்வது என்று, மேலே சொன்ன ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பீரியடையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள்

தாளில் என்ன எழுதுவது என்பது அப்புறம். எந்த வேலையைக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

புதுப் பாடத்தைக் கொடுக்காதீர்கள். 'போர்ஷன் பின்தங்கிவிடும்' என்ற பயத்தில் பலர் செய்வது இது. புத்தகத்தைப் பார்த்து அடுத்த பகுதியை வாசித்துக்கொள்ளச் சொல்லி எழுதிவிட்டுப் போவார்கள். மறுநாள் வந்து பார்த்தால் பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, மீதிப் பாதி தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும். தப்பாகப் புரிந்ததை அழித்துவிட்டுத் திரும்ப நடத்த இரண்டு பீரியடு பிடிக்கும். ஏற்கெனவே நடத்தியதில், பிள்ளைகள் ஓரளவு செய்யத் தெரிந்து, இன்னும் கை பழகாத ஒன்றைத் தேடுங்கள். எந்தப் பாடத்திலும் அப்படி ஒரு பகுதி இருக்கும்.

அடுத்தது, செய்தது சரியா தப்பா என்று பாடம் தெரியாதவர் கண்ணால் பார்த்தே சொல்ல முடிகிற வேலையாக இருக்க வேண்டும். இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. பத்துக் கணக்கும் கடைசிப் பக்கத்தில் விடையும் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். விடை தப்பாக வந்த பிள்ளை எழுந்து "ஏன் சார் தப்பு?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல ஐயாவிடம் எதுவும் இல்லை. ஒருமுறை பதில் சொல்ல முடியாமல் போனதும் வகுப்பு அதைக் கண்டுகொள்ளும், அதற்குமேல் யாரும் அவரிடம் வர மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் இதற்குத் தோதான வேலை இருக்கிறது. கிராஃப் தாளில் புள்ளிகளைக் குறித்து, வரிசையாகச் சேர்த்தால் ஒரு படம் வர வேண்டும். சரியாகக் குறித்தால் படம் வரும். தப்பாகக் குறித்தால் படம் கோணிக்கொள்ளும். அதைச் சொல்ல ஐயாவுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். பிள்ளைக்கே தன் தப்பு தெரிந்துவிடும் என்பதால் பாதிக் கேள்விகள் எழவே எழாது.

கணக்கு ஆசிரியராக இல்லாவிட்டாலும் இதே சோதனையை உங்கள் பாடத்துக்கு வைத்துப் பாருங்கள். அறிவியலில் படத்தில் பாகங்களைக் குறிப்பது, சமூக அறிவியலில் வரைபடத்தில் ஊர்களையும் ஆறுகளையும் குறிப்பது, ஆங்கிலத்தில் குலைத்துப்போட்ட வாக்கியங்களைக் கதையாக அடுக்குவது எல்லாம் தேறும். 'ஐந்து வரியில் விடையளி' தேறாது. ஆய்வகத்தில் அமிலமோ நெருப்போ தொடும் எந்த வேலையும், அதை அறியாதவர் பொறுப்பில், எக்காரணம் கொண்டும் கூடாது. ஸ்மார்ட் போர்டில் வீடியோ போடச் சொல்வதையும் நான் தவிர்த்துவிடுவேன். கடவுச்சொல் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும், அவர் அன்றைக்கு உங்களோடு பயிற்சியில் இருப்பார்.

தோணிப் படம்

படத்தை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்து அமைக்க வேண்டும்: தப்பு செய்தால் படம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாற வேண்டும். சதுரமோ நட்சத்திரமோ கொடுத்தால் பயனில்லை. பிள்ளை இரண்டு எண்களை இடம் மாற்றிக் குறித்தாலும் சதுரம் சதுரமாகவே வந்து நிற்கும். நிமிர்ந்து நிற்கிற, இடமும் வலமும் ஒரே மாதிரி இல்லாத படமாக எடுங்கள்.

நான் கொடுப்பது பாய்மரத் தோணி. மொத்தம் எட்டுப் புள்ளிகள்:

புள்ளி 1: (−5, 0)
புள்ளி 2: (5, 0)
புள்ளி 3: (3, −3)
புள்ளி 4: (−3, −3)
புள்ளி 5: (0, 0)
புள்ளி 6: (0, 6)
புள்ளி 7: (0, 2)
புள்ளி 8: (4, 2)

1, 2, 3, 4 ஆகியவற்றை வரிசையாகச் சேர்த்துத் திரும்ப 1-இல் முடித்தால் தோணியின் உடல். 5-ஐயும் 6-ஐயும் சேர்த்தால் கொடிமரம். 6-இலிருந்து 8, 8-இலிருந்து 7 என்று சேர்த்தால் பாய். இரண்டு அச்சுகளிலும் 1 செ.மீ. = 1 அலகு என்று வைத்துக்கொண்டால் படம் பத்து சென்டிமீட்டர் அகலம், ஒன்பது சென்டிமீட்டர் உயரம்; பள்ளியில் வாங்கும் கிராஃப் தாளில் தாராளமாக அடங்கும்.

இனி தப்புகளைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் அடிக்கடி வருவது, அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களை மாற்றிக் குறிப்பது. (4, 2) என்பதற்குப் பக்கவாட்டில் 2 போய், மேலே 4 ஏறுவார்கள். எல்லாப் புள்ளிக்கும் அப்படிச் செய்தால் தோணி படுத்துவிடும். கொடிமரத்தின் நுனி வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அச்சின்மேல் விழும் புள்ளிகளில் மட்டும் குழம்புகிறவர்கள் உண்டு. (0, 6)-ஐ (6, 0) என்று குறித்துவிடுவார்கள். அப்போது தோணி நிமிர்ந்திருக்கும், மரம் மட்டும் தோணியின் மேல்விளிம்போடு சேர்ந்து படுத்துக்கிடக்கும்.

இன்னொன்று மைனஸ் குறியை விடுவது. y-இன் மைனஸை விட்டால் தோணியின் அடிப்பாகம் மேலே வந்து கவிழ்ந்த மாதிரி நிற்கும். x-இன் மைனஸை விட்டால் புள்ளி 1-உம் புள்ளி 2-உம் ஒரே இடத்தில் விழும், 3-உம் 4-உம் அதேபோல. "சார், ரெண்டு புள்ளி ஒரே இடத்துல வருது" என்று பிள்ளை சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படம் நிமிர்ந்து சரியாக நின்றும் ஒரு பக்கம் நசுங்கினாற்போல இருந்தால், அச்சுகளில் எண்களைச் சம இடைவெளியில் போடவில்லை என்று அர்த்தம். ஆதிப்புள்ளியிலேயே 1 என்று எழுதித் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இப்படி வரும்.

இவற்றில் முதல் இரண்டு வகைத் தப்பையும் ஐயாவுக்குப் படமாகவே கொடுத்துவிட வேண்டும். ஒரு கிராஃப் தாளில் சரியான தோணியைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாக வரையுங்கள், இதுதான் ஐயாவின் விடைத்தாள். அதே தாளின் பின்பக்கம் படுத்த தோணியையும் கவிழ்ந்த தோணியையும் சின்னதாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஐயா பிள்ளையிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். படுத்த தோணிக்கு: "முதல் எண்ணுக்குப் பக்கவாட்டில் போ, இரண்டாவது எண்ணுக்கு மேலேயோ கீழேயோ போ." கவிழ்ந்த தோணிக்கு: "மைனஸ் இருக்கும் எண்களை வட்டமிட்டுவிட்டு மறுபடி பார்." இவ்வளவுதான். இதற்குமேல் விளக்கம் கொடுத்தால் ஐயா அதைத் தன் முறையில் விளக்கப் போவார். நீங்கள் நடத்தியது ஒரு மாதிரி, அவர் சொல்வது இன்னொரு மாதிரி என்று ஆனால் பிள்ளைகள் இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வார்கள்.

நாற்பது நிமிடத்துக்கும் வேலை வேண்டும்

கை வேகமான பிள்ளை தோணியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும், மெதுவான பிள்ளைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். சப்ஸ்டிட்யூஷன் பீரியடு கைமீறிப் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். முடித்தவர்கள் நான்கு பேர் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள். ஆகவே முடித்தவர்களுக்கு அடுத்த வேலை என்னவென்று ஐயாவைக் கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும். கரும்பலகையில் முதலிலேயே எழுதிவிட்டால் தெரியும்.

படம் முடிந்ததும் நான்கு கேள்விகள். அச்சுகளின்மேல் இருக்கும் புள்ளிகள் எவை? எந்தக் கால்பகுதியில் ஒரு புள்ளிகூட இல்லை? தோணியின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் எத்தனை அலகு நீளம்? தோணியின் உடலுக்கும் பாய்க்கும் பரப்பளவு என்ன? விடைகளை ஐயாவின் விடைத்தாளில் எழுதிவையுங்கள். அச்சுகளின்மேல் இருப்பவை 1, 2, 5, 6, 7. இரண்டாம் கால்பகுதி காலி. மேல்விளிம்பு 10 அலகு, அடிவிளிம்பு 6 அலகு. உடல் ஒரு சரிவகம், உயரம் 3, எனவே பரப்பளவு 24 சதுர அலகு. பாய் ஒரு முக்கோணம், 8 சதுர அலகு. சரிவகத்தின் பரப்பளவு கீழ்வகுப்பிலேயே வந்துவிட்டது, ஆனாலும் சூத்திரத்தைப் பல பேர் மறந்திருப்பார்கள். விடைத்தாளில் வழியையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்: இரண்டு விளிம்புகளையும் கூட்டிப் பாதியாக்கி உயரத்தால் பெருக்க வேண்டும்.

அதையும் முடித்தவர்களுக்குக் கடைசி வேலை: சொந்தமாக ஒரு படம் வரைந்து, அதன் புள்ளிகளை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பார்த்துப் படத்தை வரைய வேண்டும். மணி அடிக்கும்வரை இழுக்கலாம், யாரும் மேற்பார்க்க வேண்டியதில்லை. படம் தப்பாக வந்தால் எழுதியவர் தப்பா வரைந்தவர் தப்பா என்று அவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். கொஞ்சம் சத்தம் வரும், அதையும் தாளில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஐயா அதைக் கட்டுப்பாடு போய்விட்டதாக எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடுவார்.

தாள் இப்படி இருக்கும்

ஒரே பக்கம். கரும்பலகையில் எழுத வேண்டியவை மட்டும் பின்பக்கம். கையெழுத்து பெரிதாக. செய்ய வேண்டியவை நடக்கிற வரிசையில் இருக்க வேண்டும். 'கற்றல் விளைவு', 'நோக்கம்' எல்லாம் வேண்டாம், அவை உங்கள் பாடக்குறிப்பில் இருக்கட்டும். மேலே சொன்ன பீரியடுக்கு நான் எழுதுவது இதுபோல:

> ஐயா, வணக்கம். 9 'ஆ', திங்கள், மூன்றாம் பீரியடு. மேல்மாடியில் படிக்கட்டை ஒட்டிய அறை. 42 பேர்.
>
> இன்றைக்குப் புதிதாக எதுவும் நடத்த வேண்டாம். பிள்ளைகள் ஏற்கெனவே செய்து பார்த்த வேலைதான். உறையில் கிராஃப் தாள் 50, விடைத்தாள் 1, சாக்பீஸ், ஐந்து பென்சில் இருக்கின்றன.
>
> போனதும்: வருகையை லீடர் சொல்வார், மூன்றாவது பெஞ்சில் சன்னல் ஓரம் இருப்பவர். அவர் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர். நீங்கள் வருகை எடுக்கும்போது லீடர் கிராஃப் தாளைக் கொடுத்துவிடட்டும், ஆளுக்கு ஒன்று.
>
> பிறகு: இந்தத் தாளின் பின்பக்கம் உள்ளதை அப்படியே கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள் (இரண்டாம் பெஞ்சில் முதல் பிள்ளை, எழுத்து பெரிதாக இருக்கும்). எட்டுப் புள்ளிகள், சேர்க்கும் வரிசை, நான்கு கேள்விகள், கடைசி வேலை. மைனஸ் குறிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.
>
> சொல்ல வேண்டியது: "தாளின் நடுவில் ஆதிப்புள்ளி. இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் ஓர் அலகு. பென்சிலில் மட்டும். படம் என்னவென்று தெரிந்தாலும் பக்கத்தில் சொல்லக் கூடாது."
>
> பத்து நிமிடம் கழித்து ஒரு சுற்று வாருங்கள். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படம் படுத்திருந்தாலோ கவிழ்ந்திருந்தாலோ அதன் பின்பக்கம் எழுதியிருக்கும் வாக்கியத்தைச் சொன்னால் போதும். அப்புறமும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தாளின் பின்னால் சந்தேகத்தை எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.
>
> கடைசிப் பதினைந்து நிமிடம் முடித்தவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டு செய்வார்கள். அது வேலையின் பகுதிதான்.
>
> மணிக்கு ஐந்து நிமிடம் முன்: பெயர் எழுதி, முடித்தாலும் முடிக்காவிட்டாலும் தாளைக் கொடுக்க வேண்டும். லீடர் வாங்கி உறையில் போட்டு ஸ்டாஃப் ரூமில் என் மேசையில் வைப்பார். கீழே உள்ள மூன்று வரியை நிரப்பிவிடுங்கள்:
>
> வராதவர்கள்: 
> எதுவரை முடிந்தது: 
> நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது:

'பத்து நிமிடம் கழித்து ஒரு சுற்று' என்பதைக் கவனித்தீர்களா? அவருக்கும் வேலை இருக்கிறது. திருத்த வேண்டிய தாள்களோடுதான் வருவார். பீரியடு முழுக்க நடந்துகொண்டே இருங்கள் என்று எழுதினால் நடக்க மாட்டார், நியாயமும் இல்லை. குறிப்பிட்ட ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுற்று என்று கேட்டால் செய்வார். அது சரியாகத் தப்புகள் வெளியே தெரிகிற நேரமாக இருக்கட்டும்.

பென்சிலை உறையில் வைப்பது வீண் செலவு என்று தோன்றலாம். "பென்சில் இல்லை சார், பக்கத்து கிளாஸ்ல வாங்கிட்டு வரேன்" என்று இரண்டு பேர் வெளியே போய்ப் பதினைந்து நிமிடம் கழித்து வருவதைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கிராஃப் தாளும் அப்படித்தான். ஆள்கணக்குக்குச் சரியாக வைத்தால் அழித்துக் கிழித்தவர்களுக்குத் தாள் இருக்காது. அதோடு, இரண்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் லீவு என்றால் 'அ' பிரிவையும் 'ஆ' பிரிவையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். தாளின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "வகுப்புகளைச் சேர்த்துவிட்டால் இரண்டு பேருக்கு ஒரு தாள். ஒருவர் புள்ளியைச் சொல்ல, மற்றவர் குறிக்கட்டும்."

பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு எழுதலாம்

இதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. சிலர் ஒன்றுமே எழுத மாட்டார்கள். சிலர் "கடைசி பெஞ்ச் நாலு பேரும் வால், கவனமாக இருக்கவும்" என்று எழுதுவார்கள். அதை வாசித்த ஆசிரியர் உள்ளே போனதும் முதலில் அந்த நாலு பேரைத்தான் எழுப்பி நிறுத்துவார். அவர்கள் இன்னும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். அப்புறம் செய்வார்கள். போதாததற்கு, மேசைமேல் திறந்து கிடக்கும் தாளை முதல் பெஞ்ச் தலைகீழாகவே வாசித்துவிடும்.

குணத்தை எழுதாதீர்கள், செய்ய வேண்டியதை எழுதுங்கள். "கடைசி பெஞ்சில் இருவரைத் தாள் கொடுக்கவும் வாங்கவும் விடுங்கள்" என்றால் அதே பிள்ளைகளுக்கு வேலை கிடைத்துவிடும். கண் சரியாகத் தெரியாத பிள்ளை கரும்பலகைக்கு அருகே இருக்க வேண்டும் என்றால் "முதல் பெஞ்சில் இருப்பவர்களை இடம் மாற்ற வேண்டாம்" என்பது போதும். காரணம் தேவையில்லை. வாசிப்பில் தடுமாறும் பிள்ளை இருந்தால் "யாரையும் எழுப்பிச் சத்தமாக வாசிக்கவைக்க வேண்டாம்" என்று பொதுவாக எழுதிவிடலாம்.

உடல்நிலை வேறு. வலிப்போ ஆஸ்துமாவோ இருக்கும் பிள்ளையைப் பற்றி மாற்று ஆசிரியருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும், ஆனால் பிள்ளைகள் கையில் புழங்கும் தாளில் அது இருக்கக் கூடாது. ஸ்டாஃப் ரூமில் நேரில் சொல்லிவிடுங்கள். நேரில் சொல்ல முடியாத நாளுக்காக வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, தாளில் "உள்ளே போகும்முன் வகுப்பாசிரியரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள்.

கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பதற்கு உங்கள் வகுப்பில் என்ன வழக்கமோ அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் புது ஆசிரியரைப் பிள்ளைகள் சோதித்துப் பார்க்கிற முதல் இடம் அது. "ஒரு நேரத்தில் ஒருவர், லீடரிடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம்" என்று தாளில் இருந்தால் "எங்க மிஸ் மூணு பேரையும் சேர்த்து விடுவாங்க சார்" என்பது எடுபடாது.

தெரியாமல் வரும் லீவுக்கு

இதுவரை சொன்னது முன்கூட்டியே தெரிந்த லீவுக்கு. காய்ச்சல் சொல்லிக்கொண்டு வராது. காலை ஏழு மணிக்கு எச்.எம்.முக்குப் போன் செய்யும்போது தாள் எழுதும் நிலையில் இருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்பினாலும், மூன்றாம் பீரியடுக்குப் போகிறவர் கண்ணில் அது படுமா என்பது சந்தேகம்.

ஆகவே பருவத்தின் முதல் வாரத்திலேயே வகுப்புக்கு ஒரு உறை தயார் செய்து மேசையின் மேல் இழுப்பறையில் வைத்துவிடுங்கள். வெளியே வகுப்பும் பிரிவும் பெரிதாக எழுதியிருக்கட்டும். அது உள்ளே இருப்பது பக்கத்து மேசைக்காரருக்கும் வகுப்பு லீடருக்கும் தெரிய வேண்டும். பூட்டி வைத்தால் உறை இருந்தும் பயனில்லை. உள்ளே இருக்கும் வேலை, என்றைக்கு எடுத்தாலும் பொருந்துகிற மாதிரி, போன வருடப் பாடத்திலிருந்து இருக்க வேண்டும். தோணிப் படத்தை ஆயத்தொலை வடிவியல் நடத்தும்முன் உறையில் வைக்க முடியாது. பதிலாக, எட்டாம் வகுப்பில் முடித்துவிட்ட பரப்பளவுக் கணக்குகளை வைத்துக் கட்டங்களை நிரப்பும் தாள் மாதிரி எதையாவது வைக்கலாம். கட்டத்தின் எல்லா வரிசையும் கூட்டினால் ஒரே தொகை வர வேண்டும் என்று அமைத்தால் அதுவும் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். உறையை ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அதே வாரத்தில் மாற்று வேலை வையுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த லீவன்று ஐயா உறையைப் பிரிக்க, "இது போன தடவையே போட்டாச்சு சார்" என்று வகுப்பே சொல்லும். இந்த முறை அது உண்மையாகவும் இருக்கும்.

திரும்பி வந்ததும்

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் மேசையில் 39 தாள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மூட்டை கட்டி ஓரத்தில் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால், 'ஆசிரியர் இல்லாத நாளில் கொடுக்கும் வேலையை யாரும் பார்ப்பதில்லை' என்று வகுப்பு முடிவுகட்டிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல தாள் எழுதிவைத்தாலும் வேலை நடக்காது.

மதிப்பெண் போட வேண்டியதில்லை, நேரமும் இருக்காது. தாள்களைக் கையில் எடுத்துச் சீட்டுக்கட்டு மாதிரி பிரித்துப் போடுங்கள். தோணி நிமிர்ந்து நிற்பவை ஒரு கட்டு, படுத்தவை ஒரு கட்டு, கவிழ்ந்தவையும் இரண்டு புள்ளி ஒரே இடத்தில் விழுந்தவையும் ஒரு கட்டு. பத்து நிமிட வேலை. பின்பக்கம் சந்தேகம் எழுதியிருப்பவற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படுத்த கட்டு பெரிதாக இருந்தால், அடுத்த பாடத்துக்குப் போகாமல் முதல் ஐந்து நிமிடம் எண்களின் வரிசையைத் திரும்பச் சொல்லிவிட்டு நகருங்கள். அதை விட்டுவிட்டு இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவுக்குப் போனால் அங்கேயும் x-ஐயும் y-ஐயும் கலப்பார்கள். மைனஸ் கட்டு பெரிதாக இருந்தால் குழப்பம் பெரும்பாலும் இந்தப் பாடத்தில் இல்லை. முழுக்களைக் கூட்டிக் கழிப்பதிலேயே தடுமாறுகிறவர்கள் அதில் இருப்பார்கள். தொலைவுச் சூத்திரத்தில் கழித்தல் வரும்போது அவர்கள் மறுபடி சிக்குவார்கள் என்பதால், அந்தப் பெயர்களை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு அவர்கள் நோட்டை முதலில் பாருங்கள். படுத்த தாள்கள் எல்லாமே ஒரே பெஞ்சிலிருந்து வந்திருந்தால் ஒருவர் போட்டதை மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அதற்குப் பாடம் திரும்ப நடத்தத் தேவையில்லை.

ஐயா நிரப்பிய மூன்று வரியையும் வாசியுங்கள். "கரும்பலகையில் எழுதவே பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது, நான்காவது கேள்விக்கு யாரும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார் என்றால், அடுத்த முறை கேள்விகளை ஜெராக்ஸ் எடுத்து பெஞ்சுக்கு ஒன்றாக உறையில் வைத்துவிடலாம். ஜெராக்ஸுக்கு வழியில்லாத பள்ளி என்றால், முந்தின நாள் மாலையே கரும்பலகையின் ஒரு ஓரத்தில் எழுதி, 'அழிக்க வேண்டாம்' என்று கட்டம் போட்டுவிட்டு வரலாம். முதல் இரண்டு பீரியடு ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், தமிழ் ஐயா லீவு போடும் நாளில் அவருடைய வகுப்பு உங்கள் கட்டத்தில் விழும். அவருக்கு உங்கள் தாளின் மாதிரியில் ஒரு நகலைக் கொடுத்துவையுங்கள். யாப்பிலக்கணப் பீரியடில் எதுகையும் மோனையும் தெரியாமல் நீங்கள் போய் நிற்கும்போது அது உங்களுக்கே வேண்டியிருக்கும்.